சபுரா போடாத கையெழுத்து

சபுரா பீவி மூலனூரில் பிறந்தவள். அவளுடைய அத்தா அங்கே முருங்கைக்காய் மண்டியில் தரகு பார்த்தார். ஜமாலைக் கட்டிக்கொண்டு திருப்பூர் வந்த புதிதில் தெருவில் நடக்கவே பயப்படுவாளாம். அவ்வளவு சைக்கிள், அவ்வளவு சாயத்தண்ணீர். ஜமால் ஒரு பிரிண்டிங் பட்டறையில் பனியன் துணிக்கு அச்சுப் போடுகிற வேலையில் இருந்தான். முதலில் ஒரு பெண் பிறந்து, அடுத்துப் பிறந்த பையனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு சபுரா கைமடியாக வேலைக்குப் போனாள். தைத்த துணியை எடுத்து மடித்துக் கொடுப்பதுதான் கைமடி வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடக்கிற மிஷினில் உட்கார்ந்து தைக்கக் கற்றுக்கொண்டாள். தொண்ணூறுகளின் நடுவில், அவிநாசி ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் டைலர். கை சுத்தம் என்று பேர் வாங்கியிருந்தாள். பேச்சு குறைவு. சாப்பாட்டு நேரத்தில் மருதம்மாளோடு உட்காருவாள். இரண்டு பேரும் ஒரே லைனில் அடுத்தடுத்த மிஷின்.

அந்த லைனுக்கு சூப்பர்வைசர் அர்த்தநாரி. முதலாளிக்கு ஏதோ ஒரு வகையில் பங்காளி முறை. நாற்பது வயது இருக்கும். எல்லாப் பெண்களையும் "என்ன கண்ணு" என்று கூப்பிடுவார். அந்தக் "கண்ணு" யாரிடம் எப்படி ஒலிக்கிறது என்பது லைனில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி ஒருத்தியும் வாய் திறந்ததில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு முற்பகல், நூல் தீர்ந்துவிட்டது என்று சபுராவை ஸ்டோருக்கு அனுப்பினார் அர்த்தநாரி. ஸ்டோர்கீப்பர் டீ குடிக்கப் போயிருந்தான். அவள் அலமாரியில் நூல் கோன் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் இடுப்பில் அர்த்தநாரியின் கை விழுந்தது. அவள் தள்ளிய வேகத்தில் கோன் பெட்டி ஒன்று சரிந்து, நூல் கோன்கள் தரையெல்லாம் உருண்டன. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள் நேராகப் போய்த் தன் மிஷினில் உட்கார்ந்தாள். கால் பெடலைத் தேடியது. தைத்தாள். மதியம் வரைக்கும் தைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு பலர் கேட்டார்கள். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. எழுந்து நின்றால் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஒரு வாரத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் அர்த்தநாரி அவள் தைத்த பீஸ்களில் தையல் சரியில்லை என்று ரிஜெக்ட் எடுக்க ஆரம்பித்தார். அவள் கைக்கு ரிஜெக்ட் வந்து யாரும் பார்த்ததில்லை. லைன் நடுவில் துணியைத் தூக்கிக் காட்டி, "கண்ணு தெரியலையா, இல்ல மனசு வேற எங்கியாச்சுமா?" என்று கேட்டார். அன்று ஊட்டுக்கு வந்து ஜமாலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நாளைக்குப் போயி அவன் சட்டையப் புடிக்கிறேன்" என்றான்.

"அடிச்சுப்போட்டா உங்களத்தான் உள்ள வெப்பாங்க. கம்பெனியில கமிட்டின்னு ஒண்ணு இருக்குது. அங்க சொல்றேன்" என்றாள் சபுரா.

கமிட்டி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலை செய்கிற இடத்தில் பெண்களுக்குத் தொந்தரவு நடந்தால் விசாரிக்க ஒரு குழு வேண்டும், அதற்குப் பெண் ஒருத்தி தலைமை வகிக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் அதற்கு முந்தின வருஷம் சொல்லியிருந்தது. திருப்பூரில் பெரும்பாலான கம்பெனிகள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கம்பெனியில் பனியன் வாங்குகிற வெளிநாட்டு 'பையர்' கம்பெனிகள் கேட்டதால் கமிட்டி அமைந்தது. கேன்டீன் சுவரில் ஒரு போர்டும் தொங்கியது. தலைவி, கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர் குழந்தையம்மாள். வெளியாள், பல்லடத்தில் பெண்கள் சங்கம் நடத்தி வந்த மயிலாள்.

சபுரா புகாரை எழுதிக் கொடுத்தாள். ஒரு பிரதியில் குழந்தையம்மாள் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அர்த்தநாரிக்கும் ஒரு பிரதி போனது. கமிட்டி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தது. சபுரா சொன்னதை எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டி, திருத்தம் உண்டா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த மட்டும் மரியாதையாகத்தான் நடந்தது.

அர்த்தநாரி சொன்னது இது: "அன்னிக்கு ஸ்டோர்ப் பக்கமே நான் போகலீங்க. வேலையில ரிஜெக்ட் வந்துது, கண்டிச்சேன். அந்தக் கோபத்துல சொல்றாங்க." ஸ்டோர்கீப்பர் டீக்கடையில் இருந்ததாகச் சொன்னான், அது உண்மையும்கூட. திரும்பி வந்தபோது கோன்கள் கீழே சிதறிக் கிடந்தன, ஆனால் அது அடிக்கடி நடப்பதுதான் என்றான். கடைசியாக மருதம்மாளைக் கூப்பிட்டார்கள். சபுரா தன் புகாரில் அவள் பேரைத்தான் சாட்சியாகப் போட்டிருந்தாள். ஸ்டோரை விட்டு வந்தபோது தன் முகத்தை முதலில் பார்த்தவள் அவள்தான்.

"நான் மிஷின்ல குனிஞ்சு தச்சுட்டு இருந்தனுங்க. ஒண்ணும் கவனிக்கலீங்க" என்றாள் மருதம்மாள்.

முடிவு வந்த அன்று குழந்தையம்மாள் சபுராவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மயிலாளும் உட்கார்ந்திருந்தாள். அறிக்கையின் கடைசிப் பகுதியைக் குழந்தையம்மாள் படித்தார். கிடைத்த சாட்சியங்களை வைத்துப் பார்க்கும்போது குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை.

"அப்ப நான் சொன்னது பொய்யாங்க மேடம்?" என்று கேட்டாள் சபுரா.

"பொய்யின்னு நாங்க எழுதல" என்றார் குழந்தையம்மாள். மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி நகர்த்தி வைத்தார். "நீ சொன்ன மாதிரி நடக்கலைன்னும் எழுதல. நீ ஒண்ணு சொல்ற, அவரு ஒண்ணு சொல்றாரு. ரெண்டுல எது சரின்னு முடிவு பண்ற அளவுக்கு எங்க கையில ஒண்ணும் கிடைக்கல."

அன்று சபுரா ஊட்டுக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தாள். பிறகு திரும்பி வந்து பஸ் ஏறினாள்.

கம்பெனியில் செய்தி வேறு மாதிரி பரவியது. நிரூபணமாகவில்லை என்ற வார்த்தை கேன்டீன் வரைக்கும் வருவதற்குள் பொய்ப்புகார் ஆகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. "இவளால பொம்பளைங்களுக்கே வேல குடுக்க யோசிப்பாங்க" என்று ஒருத்தி காதுபட முணுமுணுத்தாள். மருதம்மாள் சாப்பாட்டுக்கு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பேக்டரி மேனேஜர் ஆறுச்சாமி அவளைக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை. டெலிவரி தேதி தவறக்கூடாது என்பதுதான் அவருக்கு உலகம்.

"உக்காரும்மா. விசாரிச்சாச்சு, ஒண்ணும் நிரூபணமாகல. அர்த்தநாரிக்கு மனசு சங்கடம். முதலாளி ஊட்டுக்கும் சங்கடம். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு. எல்லாம் அத்தோட முடிஞ்சுபோவும். ஒனக்கும் பழைய மாதிரி வேல."

டைப் அடித்த ஒரு தாள். தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டேன், அதற்காக வருந்துகிறேன், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதில் இருந்தது. சபுரா இரண்டு தடவை படித்தாள்.

"ஊட்டுல காட்டிப்போட்டு வர்றேனுங்க சார்."

"இதுல காட்டறதுக்கு என்ன இருக்குது? ரெண்டு வரி."

"ரெண்டு வரியானாலும் என் கையெழுத்துங்களே. கேட்டுட்டு வர்றேனுங்க."

அவர் தாளைத் தர மனமில்லாமல் தந்தார்.

ஜமால் அதைப் படித்தான். சட்டையைப் பிடிப்பேன் என்றவன் இந்த ஒரு மாதத்தில் களைத்துப் போயிருந்தான். அவனுடைய பட்டறையிலும் யாரோ இதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். "போட்டுக் குடுத்துரு சபுரா. வேற கம்பெனி பாத்துக்கலாம். ஊருல பனியன் கம்பெனிக்கா பஞ்சம்?"

"போட்டுக் குடுத்தா நான் பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. வேற கம்பெனிக்குப் போனாலும் அது முன்னால போயி நிக்கும்."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"தெரியலீங்க. அந்த மயிலாளக்காவப் போயிக் கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பல்லடம் போனாள். ஜமாலும் கூட வந்தான். மயிலாளின் சங்கம் என்பது சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. பாய் விரித்து நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மயிலாள் அவர்களை அனுப்பிவிட்டு டீ வாங்கி வரச் சொன்னாள். அவளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. ஒரு காலத்தில் பஞ்சாலைத் தொழிலாளி.

சபுரா முதலில் கேட்டது கையெழுத்தைப் பற்றி அல்ல. "நீங்களும் அதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்களேக்கா. நீங்க என்னைய நம்பலியா?"

மயிலாள் தயங்கினாள். "நம்பினேன் சபுரா. ஆனா நான் நம்பறது வேற, கமிட்டியில எழுதறது வேற. உன் பக்கம் ஒருத்தரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாங்கன்னா நான் விட்டிருக்க மாட்டேன். பொய்யின்னு எழுதணும்னு கமிட்டிக்குள்ள ஒருத்தரு சொன்னாரு. அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கல. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்." பிறகு அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படித்தாள். "இதுல கையெழுத்துப் போடாதே. நிரூபணமாகலைங்கறதையும் பொய்யிங்கறதையும் ஒண்ணாக்கறதுக்குத்தான் இந்தத் தாளு. நீ போட்டுட்டா நாளைக்கு நீயே வந்து உண்மையின்னு சொன்னாலும் எடுபடாது."

"போடலைன்னா வேலைய விட்டு நிறுத்திப்போட்டா?" என்று கேட்டான் ஜமால்.

"நல்ல எண்ணத்துல புகார் குடுத்தவங்களப் பழிவாங்கக் கூடாதுன்னு இருக்குது தம்பி. அதுக்காகப் பண்ணவே மாட்டாங்கன்னு நான் சொல்ல வரல. பண்ணினா அது ஒரு புதுப் புகார். முதல் புகார் நிக்காட்டியும் அது தனியா நிக்கும். ரிஜெக்ட் எடுக்கறது, கெட்ட துணியா பாத்துக் குடுக்கறது, ஓவர்டைம் குடுக்காம விட்டுடறது, இதெல்லாம் நாலு பேரு கண்ணுக்கு முன்னால நடக்கற காரியம். கதவுக்குள்ள நடக்கறதில்ல."

பிறகு சபுராவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். லீவு போடாதே, சொல்லாமல் நின்றால் அதையே காரணமாக்குவார்கள். உடம்பு சரியில்லை என்றால் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கு. ஏதாவது நடந்தால் அன்றைக்கே தேதி போட்டு எழுதிக் குழந்தையம்மாளிடம் கொடு, ஒரு நகல் ஊட்டில் இருக்கட்டும். ஸ்டோருக்கோ மொட்டை மாடிக்கோ தனியாகப் போகாதே. அவரோடு தனியாக எங்கேயும் நிற்காதே. டீக்கடையிலும் பஸ்ஸிலும் அவர் இன்னது செய்தார் என்று பேர் சொல்லிப் பேசாதே. பேசினால் மானநஷ்டம் என்று அவர் கிளம்புவார். கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் சொல்.

"போலீசு?" என்றாள் சபுரா.

"அந்த வழி மூடிப்போகல. கமிட்டி முடிவு அதைத் தடுக்காது. மகளிர் ஸ்டேசனுக்கு நானே கூட வர்றேன். ஆனா அங்கயும் இதே கேள்விதான் வரும், யாரு பாத்தாங்கன்னு. அதுக்கு மேல கோர்ட்டு. எத்தன வருசமாகும்னு எனக்கும் தெரியாது. போறதும் போகாததும் உன் முடிவு. யாருக்காகவும் போகாதே, யாருக்காகவும் போகாம இருக்காதே."

சபுரா யோசித்தாள். "வேண்டாங்கக்கா. எனக்கு அவரப் பாக்காம வேல செய்யணும். பொய் சொன்னவளுன்னு பேரு இருக்கக் கூடாது. இது ரெண்டும் கிடச்சாப் போதும்."

"ரெண்டையும் கேளு. நிரூபணமாகாட்டியும் ரெண்டு பேரையும் பிரிச்சு வெக்கச் சொல்லிக் கமிட்டி பரிந்துரை பண்ணலாம். யாரு மேலயும் குத்தம் சொல்றதாகாது அது."

திங்கட்கிழமை காலையில் சபுரா ஆறுச்சாமியின் மேஜைமேல் கையெழுத்தில்லாத தாளை வைத்தாள். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க சார். கமிட்டி எழுதினத நான் ஒத்துக்கறேன். அதுல பொய்யின்னு இல்லீங்க. ஆனா லைன்ல எல்லாரும் பொய்ப்புகாருன்னு பேசறாங்க. என் புகாரு பொய்யின்னு கமிட்டி சொல்லலைன்னு நீங்க சூப்பர்வைசருங்ககிட்டச் சொல்லோணும்."

"நானா? நான் எதுக்கும்மா அதையெல்லாம் பேசிட்டு?"

"நீங்க சொன்னாத்தான் நிக்குமுங்க சார்."

அவர் முகம் கறுத்தது. குழந்தையம்மாளைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் விசாரணை முழுவதும் கம்பெனிக்கும் புகாருக்கும் நடுவில் கயிற்றில் நடப்பவர் போல நடந்தவர். அன்றைக்கு மட்டும் சபுராவின் பக்கத்தில் வந்து நின்றார். "சார், அவ சொல்றது சரிதான். அறிக்கையில அப்படித்தான் இருக்குது. இவகிட்டக் கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினதா நாளைக்கு பையர் ஆளுங்க கேட்டா, பதில் சொல்ல வேண்டியது நானும் நீங்களும்."

பையர் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஆறுச்சாமி தாளை மடித்து டிராயருக்குள் போட்டார்.

சபுரா கேட்டபடி இருவரையும் பிரித்து வைக்கச் சொல்லிக் கமிட்டி எழுதியது, ஆனால் அர்த்தநாரியை மாற்ற முதலாளி சம்மதிக்கவில்லை. சபுரா விரும்பினால் வேறு பிரிவுக்கு மாறலாம் என்றார்கள். தப்புச் செய்யாத நான் ஏன் எழுந்து போக வேண்டும் என்று அவள் இரண்டு நாள் பிடிவாதமாக இருந்தாள். குழந்தையம்மாள் அவளுக்காக இன்னொரு முறை பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. மாடியில் சாம்பிள் செக்‌ஷனில் இடம் இருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்புகிற முதல் மாதிரி உடுப்பைத் தைக்கிற இடம். சம்பளமும் சர்வீசும் குறையாது என்று எழுதிக் கொடுத்தால் போகிறேன் என்றாள் சபுரா. எழுதிக் கொடுத்தார்கள். நூல் எடுக்க டைலர்கள் ஸ்டோருக்குள் போக வேண்டாம், ஸ்டோர் ஆள் லைனுக்குக் கொண்டு வந்து தர வேண்டும் என்றும் கமிட்டி சொன்னதன்பேரில் ஓர் உத்தரவு வந்தது. அது ஏன் வந்தது என்று போர்டில் யாரும் எழுதவில்லை.

சூப்பர்வைசர்களிடம் ஆறுச்சாமி என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்பது சபுராவுக்குத் தெரியவில்லை. பேச்சு ஒரேயடியாக நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. தீபாவளி போனஸ் பேச்சு வந்தபோது அவளை எல்லோரும் மறந்துபோனார்கள்.

தூக்கம் மட்டும் வெகுநாள் வரவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் கை தானாக மேலே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லடத்துக்குப் போய் அந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டு வருவாள். மற்ற பெண்கள் பேசுவதைக் கேட்பாள். ஒருநாள் அவளும் பேசினாள். மில்லிலும், செங்கல் சூளையிலும், ஒரு ஆஸ்பத்திரியிலும் வேலை செய்கிறவர்கள் அவர்கள். யாரும் அவளிடம் யார் பார்த்தார்கள் என்று கேட்கவில்லை. அதற்காகவே அவள் போனாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மருதம்மாள் படியேறி மாடிக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். சோற்றுத் தூக்குப்போசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சபுரா, அன்னிக்கு நீ வந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு முன்னால அவரு ஸ்டோர்ப் பக்கம் போனதையும் பாத்தேன்."

சபுரா தன் போசியின் மூடியைத் திரும்ப மூடினாள்.

"எம்பட புள்ளைய அப்பத்தான் இங்க செக்கிங் வேலைக்குச் சேத்தியிருந்தேன். அவரு சொல்லித்தான் சேத்துனாங்க. நான் வாயத் தொறந்தா அவளத் தொரத்திப்போடுவாங்கன்னு இருந்தேன்."

"இப்ப அவ எங்க?"

"நின்னுட்டா. வேற கம்பெனிக்கு அனுப்பிப்போட்டேன்." மருதம்மாள் தரையைப் பார்த்தாள். "இப்ப வேணும்னா மேடத்துகிட்ட வந்து சொல்றேன்."

சபுராவின் உள்ளே கோபம் எழும்பியது. அந்த ஒரு வார்த்தைதான் குறைந்தது என்று மயிலாள் சொன்னது ஞாபகம் வந்தது. அதை மருதம்மாளிடம் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது, சொன்னாள்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் இந்த மாடியில உக்காந்திருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றாள் மருதம்மாள்.

மறுநாள் இருவருமாகக் குழந்தையம்மாளிடம் போனார்கள். அவர் மருதம்மாள் சொன்னதை எழுதி வாங்கினார். புதுச் சாட்சியம் வந்ததென்று விசாரணையை மறுபடி எடுக்கலாம், ஆனால் ஸ்டோர்ப் பக்கம் போனதைப் பார்த்தது மட்டும் முடிவை மாற்றுமா என்பது சந்தேகம் என்று ஒளிக்காமல் சொன்னார். கமிட்டி ஒருமுறை கூடியது. அர்த்தநாரி, ஸ்டோர்ப் பக்கம் தினமும் நாலு தடவை போவேன், அன்றைக்குப் போனதும் போகாததும் எனக்கு ஞாபகமில்லை என்று இப்போது பேச்சை மாற்றினார். முதலில் போகவே இல்லை என்று சொன்னது அவருடைய கையெழுத்தோடு இருந்தது. மயிலாள் அதை எடுத்துக் காட்டிக் கேட்டாள். ஆனாலும் முடிவு மாறவில்லை. அவர் சொன்னதில் முரண் இருக்கிறது என்று ஒரு வரி சேர்ந்தது. அவருக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். கோடை வருவதற்குள் முதலாளி அவரைக் குண்டடம் பக்கம் புதிதாகத் தொடங்கிய யூனிட்டுக்கு இன்சார்ஜாக அனுப்பினார். பதவி உயர்வு என்று சொன்னார்கள். அதைக் கேட்டுச் சபுராவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த யூனிட்டுக்கு எந்த ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று மட்டும் விசாரித்தாள். மயிலாளிடம் அந்த ஊரின் பேரைச் சொன்னாள். மயிலாள் அங்கே பெண்களுக்கு ஒரு கூட்டம் போட்டாள்.

சாம்பிள் செக்‌ஷனில் மாஸ்டர் நஞ்சப்பன் அவளுக்குக் காகிதத்தில் உடுப்பின் பேட்டர்ன் வெட்டச் சொல்லித் தந்தார். படத்தைப் பார்த்து முழு உடுப்பையும் தனியாகத் தைக்கிற அளவுக்கு வந்தாள். மருதம்மாளோடு மறுபடி சாப்பிட உட்கார்ந்தாள். பழைய மாதிரிப் பேச்சு வரவில்லை, ஆனாலும் உட்கார்ந்தாள். இரண்டாயிரம் வருஷம் பிறப்பதற்குச் சில மாதம் இருக்கும்போது வேறு கம்பெனி ஒன்று சாம்பிள் டைலர் தேடியது. நன்னடத்தைச் சான்றிதழை வாங்கிக்கொண்டு விலகினாள். குழந்தையம்மாள் அதில் கையெழுத்துப் போட்டார்.

புதுக் கம்பெனியில் இண்டர்வியூ எடுத்தவர், "பழைய கம்பெனியில ஏதோ கம்ப்ளைண்ட் குடுத்தீங்களாமே?" என்று கேட்டார்.

"குடுத்தனுங்க" என்றாள் சபுரா. "விசாரிச்சாங்க. நிரூபணமாகலைன்னு எழுதுனாங்க. நான் சொன்னத நான் மாத்தலீங்க."

அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குழந்தைச் சட்டையின் மாதிரியையும் துணியையும் எடுத்துக் கொடுத்து, இதே போலத் தைத்துக் காட்டுங்கள் என்றார். சபுரா துணியை வாங்கிக்கொண்டு, மிஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.